சுவரைக் கழித்தல்: பாஸ்போர்ட் படத்தின் பின்புலத்தை வெள்ளையாக்கிய கதை

அக்காள் மகளுக்கு இரண்டு வயது நிறைந்திருந்தபோது அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்தது. பெரியவர்களாக இருந்தால் சேவை மையத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ, 3.5 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் உள்ள, வெள்ளைப் பின்புலம் கொண்ட படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். ஸ்டுடியோவின் விளக்கு வெளிச்சத்தைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அழுததால், அத்தான் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக அவளை உட்காரவைத்துக் கைப்பேசியில் எடுத்தார். கண்கள் திறந்திருந்தன, வாய் மூடியிருந்தது, முகம் நேராக இருந்தது. இரண்டு வயதுக் குழந்தையிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஒரே குறை, சுவர் இளம்பச்சை. அதை வெள்ளையாக்கும் வேலை என்னிடம் வந்தது.

என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மென்பொருளால் எவ்வகையிலும் திருத்தப்பட்ட படத்தை அமெரிக்க வெளியுறவுத் துறையும் பிரிட்டனின் கடவுச்சீட்டு அலுவலகமும் ஏற்பதில்லை. அந்த நாடுகளின் விண்ணப்பத்துக்காக இதைப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, சன்னலுக்கு எதிரே ஒரு வெள்ளை வேட்டியையோ படுக்கை விரிப்பையோ கட்டி மறுபடி படம் எடுப்பதே சரி. மற்றவர்களும் விதியை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நான் இங்கே விவரிக்கும் முறை முகத்தைத் தொடுவதில்லை, தொடவும் கூடாது.

முதல் முயற்சியில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். குழந்தையின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தெரிவு செய்து, ஓரத்தைச் சற்று மென்மையாக்கி, வெளிப்புறத்தை அழித்து, அடியில் வெள்ளையை வைத்தேன். தோளும் கன்னமும் பரவாயில்லை. தலைமுடிதான் காகிதத்தில் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதைப்போல இருந்தது. மென்மையை இன்னும் கூட்டினால் பல்பல்லான விளிம்பு மறைந்தது, ஆனால் தலையைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. வளையத்தைப் போக்க விளிம்பை உள்ளே தள்ளினால் குழந்தையின் மெல்லிய முடியெல்லாம் போய், மொட்டையடித்து நான்கு வாரம் ஆனதுபோன்ற தலை மிஞ்சியது. ஒரு மாலைப் பொழுது இப்படியே கழிந்தது.

மறுநாள் அச்சிடுவதற்காகப் பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பழக்கமான ஸ்டுடியோவுக்குப் போனேன். ஃபிலிம் காலத்திலிருந்து தொழில் செய்கிற அண்ணாச்சி, திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முடியப் போட்டு ஏன் தம்பி வெட்டுதீங்க? செவரு தானே வேண்டாம், செவத்த எடுங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். வாடிக்கையாளர்களுக்கிடையே கிடைத்த பத்து நிமிடத்தில் அவர் செய்து காட்டியதை, வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்காகப் போட்டுப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒன்றல்ல என்பது புரிந்தது.

முடியின் ஓரத்தில் உள்ள ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். கேமராவின் ஒரு பிக்சலைவிட முடியிழை மெல்லியதாக இருக்கும்போது, அந்தப் பிக்சலில் பாதி முடியும் பாதி சுவரும் விழுகின்றன. கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிவுசெய்கிறது. மென்பொருள் ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் குறிக்கிறது; மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. எங்கள் படத்தில் சன்னலோரச் சுவரின் நிறம் சிவப்பு 178, பச்சை 196, நீலம் 170 என்றிருந்தது. முடியின் நிறம் 30, 24, 22. சரிபாதி கலந்த பிக்சல் ஏறத்தாழ 104, 110, 96 ஆகிறது. வெள்ளைச் சுவரின் முன்னால் இதே குழந்தையை எடுத்திருந்தால், அதே பிக்சல் 143, 140, 139 என்ற நடுநிலைச் சாம்பலாக வந்திருக்கும். நாம் அடைய வேண்டிய எண் அதுதான்.

கடினமான விளிம்போடு வெட்டினால் அந்தப் பிக்சல் ஒன்று முழுதாக இருக்கும், அல்லது முழுதாகப் போய்விடும். இருந்தால் பச்சை கலந்த கருமை. போனால் பல் விழுந்த விளிம்பு. சரி, மென்மையாக வெட்டினால்? இதில்தான் நான் ஏமாந்தேன். தெரிவு மிகத் துல்லியமாக அமைந்து, இந்தப் பிக்சல் பாதிதான் முடி என்று மென்பொருள் சரியாகவே கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது 104, 110, 96 என்ற நிறத்தில் பாதியையும் வெள்ளையில் பாதியையும் கலக்கிறது. கிடைப்பது 180, 183, 176. இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய நாற்பது புள்ளி வெளிறியும், பச்சை சாய்ந்தும் நிற்கிறது. காரணம் எளிது: பிக்சலுக்குள் ஏற்கெனவே பாதி சுவர் இருக்கிறது, அதை வெளியேற்றாமலே அதன்மேல் பாதி வெள்ளையையும் ஊற்றுகிறோம். பின்புலம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடுகிறது. ஆகவே எவ்வளவு நுணுக்கமாகத் தெரிவு செய்தாலும் வளையம் வந்தே தீரும். குறை தெரிவில் இல்லை, நிறத்தில் இருக்கிறது.

அண்ணாச்சி செய்தது வகுத்தல். படத்தின் ஒவ்வொரு பிக்சலையும், அந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்திருந்தால் என்ன நிறம் இருந்திருக்குமோ, அந்த நிறத்தால் வகுப்பது. சுவர் இருக்கும் இடத்தில் சுவரைச் சுவரால் வகுத்தால் ஒன்று, அதாவது முழு வெள்ளை. கலப்புப் பிக்சலில் என்ன நடக்கிறது என்பதை இப்படி எழுதலாம்:

```
C     = a × F + (1 − a) × B
C ÷ B = a × (F ÷ B) + (1 − a)
```

இங்கே C என்பது படத்தில் உள்ள நிறம், F முடியின் நிறம், B சுவரின் நிறம், a என்பது பிக்சலில் முடி எவ்வளவு என்ற பங்கு. இரண்டாவது வரியில் சுவரின் பங்கு தானாகவே வெள்ளையாகிவிட்டது என்பதையும், a எவ்வளவு என்பதை நாம் கண்டுபிடிக்கவே தேவையில்லாமல் போனதையும் கவனிக்க வேண்டும். முடியின் நிறம் மட்டும் F என்பதிலிருந்து F ÷ B ஆக மாறுகிறது. நம் முடி கறுப்பு என்பதால், ஏறத்தாழ சுழியமான ஒன்றை எதனால் வகுத்தாலும் அது சுழியத்தை ஒட்டியே நிற்கும். மேலே சொன்ன பிக்சலை வகுத்து, வெள்ளையின் எண்ணான 255-ஆல் பெருக்கிப் பார்த்தால் 149, 143, 144 வருகிறது. வர வேண்டியது 143, 140, 139. கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒற்றை இழையைக்கூடத் தெரிவு செய்யாமல் தலைமுடி முழுவதும் வெள்ளைப் பின்புலத்துக்கு வந்துவிடுகிறது.

இதை நான் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் செய்தேன். முதல் வேலை, அத்தானிடமிருந்து அசல் கோப்பை வாங்கியது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, முடியோரத்தில் சதுரம் சதுரமான கசடு ஏறிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் கைப்பேசியில் உள்ளது அப்படியே வரும். படத்தை இந்தக் கட்டத்தில் சிறிதாக்கவும் கூடாது. வேலை முழுவதும் பெரிய அளவிலேயே நடக்க வேண்டும், ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

அசல் படத்தின் மேல் புதிய லேயர் ஒன்றைப் போட்டு, அதற்குச் சுவர் என்று பெயர் வைத்து, அதன் Mode என்பதை Divide என்று மாற்றினேன். இந்த லேயரில் நாம் எதைத் தீட்டுகிறோமோ அதனால் கீழே உள்ள படம் வகுக்கப்படும். ஒரே பச்சையை ஊற்றிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எந்த வீட்டுச் சுவரும் படத்தில் ஒரே நிறமாக இருப்பதில்லை. எங்கள் கூடத்தில் சன்னல் இடப்பக்கம். வலது ஓரத்தில் அதே சுவர் 160, 181, 156 என்று மங்கியிருந்தது. இடப்பக்க நிறத்தால் வகுத்தபோது வலப்பக்கத்தில் சிவப்பு 229 அளவில் நின்று, வெள்ளைக்குப் பதிலாக அழுக்குச் சாம்பல் தெரிந்தது.

ஆகவே Color Picker கருவியில் Sample average என்பதை இயக்கி, ஒரு புள்ளியின் நிறத்தை எடுக்காமல் சிறு சதுரத்தின் சராசரி நிறத்தை எடுத்தேன்; கைப்பேசிப் படத்தில் அடுத்தடுத்த பிக்சல்களே தங்களுக்குள் நாலைந்து புள்ளி வேறுபடும். இடது ஓரத்து நிறத்தை முன்னிறமாகவும் வலது ஓரத்து நிறத்தைப் பின்னிறமாகவும் வைத்து, Gradient கருவியால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு இழுத்தேன். பச்சைச் சுவர் கண்முன்னே வெளுத்தது. குழந்தையின் நெற்றிக்கு மேலே பறந்த இழைகளெல்லாம் அப்படியே நின்றன. முந்தைய நாள் மாலையை நினைத்து எரிச்சலாகத்தான் இருந்தது.

வெளிச்சம் மேலும் கீழும்கூட மாறுகிற படமாக இருந்தால் ஒரே இழுப்பு போதாது. அப்போது படத்தின் நகல் ஒன்றை எடுத்து, ஆள் இருக்கும் இடத்தின் மேல் அந்தந்தப் பக்கத்துச் சுவரின் நிறத்தைத் தூரிகையால் தாராளமாகத் தீட்டி மறைத்துவிட்டு, Gaussian Blur கொண்டு மிக அதிகமாக மங்கலாக்கினால், ஆளில்லாத சுவரின் படம் ஒன்று கிடைக்கும். அதையே Divide லேயராக வைக்கலாம். தீட்டும்போது முடியின் கருமை எங்கேயும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தலையைச் சுற்றி அந்த இடம் மட்டும் மிகையாக வெளுத்துவிடும்.

இப்போது முகத்துக்கு வருவோம். வகுத்தல் முடிக்குச் செய்த நன்மையைத் தோலுக்குச் செய்யாது. குழந்தையின் கன்னம் 198, 150, 122 என்றிருந்தது. சுவரால் வகுத்ததும் சிவப்பு 255-ஐத் தாண்டி அங்கேயே முட்டி நிற்க, மற்றவை 195, 183 என்றாயின. மாநிறக் குழந்தை ரோஜா நிறப் பொம்மையாகிவிட்டது. ஆகவே முகமும் உடையும் அசல் படத்திலிருந்தே வர வேண்டும். அசல் படத்தின் நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, Add Layer Mask கட்டளையில் Black (full transparency) என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது மேல் லேயர் முழுவதும் மறைந்திருக்கிறது. மாஸ்க்கில் வெள்ளை தீட்டும் இடத்தில் மட்டும் அசல் முகம் தெரியும்.

மாஸ்க்கின் எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த முறையின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. முடியிருக்கும் பக்கத்தில் எல்லை ஓரத்துக்குப் போகவே கூடாது. நெற்றியைக் கடந்து, அடர்ந்த முடிக்குள் பதினைந்து இருபது பிக்சல் நுழைந்ததும், பெரிய மென்தூரிகையால் மங்கலாக முடித்துவிட வேண்டும். அடர்ந்த முடிக்குள் அசலும் கறுப்பு, வகுத்ததும் கறுப்பு. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது. கன்னம், காது மடல், கழுத்து, தோள் ஆகியவற்றில் மறைவிடம் இல்லை. அங்கே மட்டும் Paths கருவியால் புள்ளிகள் வைத்து வளைவாகக் கோடு வரைந்து, அதைத் தெரிவாக மாற்றி, Shrink கொண்டு ஒரு பிக்சல் உள்ளே இழுத்து, Feather கொண்டு இரண்டு பிக்சல் மென்மையாக்கி, வெள்ளை நிரப்பினேன். தோலின் ஓரம் முடியைப்போல இழையிழையாக இல்லாத ஒழுங்கான வளைவு என்பதால் இதுவே போதுமானது. ஓரத்தில் விட்டுவைத்த ஒரு பிக்சல் அகலத்தில் வகுக்கப்பட்ட தோலின் நிறம் தெரியும். அது வெள்ளைக்கும் தோலுக்கும் இடைப்பட்ட வெளிர்நிறமாக இருப்பதால் துருத்துவதில்லை.

அந்த நேரத்தில்தான் அக்காளுக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன். முதலில் வெள்ளைச் சட்டை போட்டுவிடலாம் என்றிருந்தவள், பால் கொட்டிவிட்டதால் கருநீலச் சட்டைக்கு மாற்றியிருந்தாள். வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளைச் சட்டைக்குத் தோள் என்ற ஒன்றே இருக்காது. எந்த மாஸ்க்காலும் அதை வரவழைக்க முடியாது.

வகுத்த பின்புலம் பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும், எண்களில் 248, 251, 255 என்று பொடிப்பொடியாக ஏறி இறங்கும். திரையில் தெரியாத இந்தப் பொடி அச்சில் மங்கலான மணல்போலத் தெரிய வாய்ப்புண்டு. மேலே உள்ள முக லேயரை மறைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் ஒரே லேயராக்கும் New from Visible கொடுத்து, கிடைத்த லேயரை முக லேயருக்கு அடியில் வைத்து, Levels சாளரத்தில் Input Levels வரிசையின் வலது முக்கோணத்தை 255-இலிருந்து 243-க்கு இழுத்தேன். 243-க்கு மேலுள்ள யாவும் தூய வெள்ளையாகிவிட்டன. இதை 220, 210 என்று இறக்கிக்கொண்டே போகும் ஆசை வரும். மிக மெல்லிய இழைகள் வெளிர்சாம்பலாக இருப்பவை ஆதலால், முதலில் பலியாவது அவைதான்.

எனக்கு அப்படி இறக்கத் தோன்றிய ஓர் இடமும் இருந்தது. குழந்தை சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் வலக் காதுக்குப் பின்னால் நிழல் விழுந்திருந்தது. நான் தீட்டிய சுவர் லேயரில் நிழல் இல்லை. எனவே வகுத்த பின்னும் அது சாம்பல் திட்டாக மிஞ்சியது. படம் முழுவதற்கும் முக்கோணத்தை இறக்காமல், சுவர் லேயரிலேயே அந்த இடத்தில் மட்டும் நிழலின் நிறத்தை எடுத்து மென்தூரிகையால் இரண்டு மூன்று முறை தடவினேன். நிழல்பட்ட சுவர் நிழல்பட்ட நிறத்தாலேயே வகுபட்டு வெளுத்தது. காதை ஒட்டிய விளிம்பில் நிழல் கூர்மையாக இருந்த ஒரு சிறு இடத்தில் இந்த வித்தை பலிக்கவில்லை. அங்கே கோடு வரைந்த மாஸ்க்கை நம்பி, அதற்கு வெளியே வெள்ளையை நேரடியாகவே தீட்டினேன். சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி உட்காரவைத்திருந்தால் நிழல் முதுகுக்குப் பின்னால் கீழே விழுந்திருக்கும். இந்த அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

பின்புலம் உண்மையிலேயே வெள்ளையா என்பதைக் கண்ணால் தீர்மானிப்பது வீண். Threshold சாளரத்தைத் திறந்து கீழெல்லையை 255-க்கு நகர்த்தி, Channel என்பதில் Red, Green, Blue மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், அந்த நிறம் 255-ஐ எட்டாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும். எனக்கு மேல் வலது மூலையில் கொசு மொய்த்ததுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தன. முன்பு New from Visible தந்த லேயரை நீக்கிவிட்டு, சுவர் லேயரில் அந்த மூலையை இன்னும் சற்றே மங்கிய நிறமாக்கி, மறுபடி New from Visible, மறுபடி Levels. பார்த்து முடித்ததும் சாளரத்தில் Cancel கொடுத்து வெளியேற வேண்டும். நான் ஒருமுறை OK கொடுத்துவிட்டுத் திகைத்தேன்.

இந்த முறை எல்லாச் சுவருக்கும் ஒத்துவராது. வகுப்பது என்றால் பெருக்குவதுதான்: 178-ஐ 255 ஆக்குவதற்கு ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே பெருக்குகிறோம். செங்கல் நிறத் திரைச்சீலையின் முன்னால் எடுத்த படத்தில் நீலம் 50 அளவில்தான் இருக்கும். அதை வெள்ளையாக்க ஐந்து மடங்கு பெருக்க வேண்டும், அதோடு கேமராவின் இரைச்சலும் ஐந்து மடங்காகி முடியோரமெல்லாம் வண்ணப் பொரியாகிவிடும். அடர்நீலத் துணியின் முன்னால் கறுப்பு முடி என்றால் நிலைமை இன்னும் மோசம். முடி எங்கே முடிகிறது என்ற செய்தியே படத்தில் இல்லை. சுவரின் மூன்று எண்களில் மிகச் சிறியது 130-க்குக் கீழே இருந்தால் நான் இப்போதெல்லாம் முயல்வதில்லை, மறுபடி எடுக்கச் சொல்லிவிடுகிறேன். நரைத்த தலைக்கும் இது பொருந்தாது. முடி சுழியத்தை ஒட்டியிருக்கும் என்ற கணக்கே அங்கே உடைந்துபோகிறது. வெள்ளை முடி வெள்ளைக்குள் கரைந்துவிடும். தாத்தா பாட்டிகளுக்கு உண்மையான வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் தலையைவிடச் சற்றே கூடுதலாக வெளிச்சம் விழும்படி எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெள்ளைக்குப் பதிலாக இளநீலமோ வேறு வெளிர்நிறமோ கேட்கும் விண்ணப்பங்களுக்கு, வெள்ளையாக்கிய லேயரின் மேல், முக லேயருக்கு அடியில், வேண்டிய நிறத்தை நிரப்பிய லேயரை Multiply என்ற Mode-இல் வைத்தால் போதும். வெள்ளை அந்த நிறமாகும். கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இடைப்பட்ட இழைகள் இடைப்பட்ட நிறம் பெறும்.

கடைசியாக அளவு. 35 க்கு 45 என்ற விகிதத்தில் வெட்டி, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 413 க்கு 531 பிக்சலாகச் சிறிதாக்கினேன். பெரிய படத்தில் எஞ்சியிருக்கும் சிறு சிறு பிசிறுகளை இந்தச் சுருக்கம் சராசரியாக்கிக் கரைத்துவிடுகிறது. முன்பே சிறிதாக்கியிருந்தால், ஒவ்வொரு பிசிறும் முழுப் பிக்சலாக நின்று உறுத்தும். சிறிதாக்கியதும் படம் சற்று மங்கலாகத் தோன்றினாலும் Sharpen பக்கம் போகக் கூடாது. முகத்தைச் சுற்றி அது வரையும் மெல்லிய கோடு, நாம் பாடுபட்டு ஒழித்த வளையத்தின் உடன்பிறப்பு. ஜேபெக் கோப்பாகச் சேமிக்கும்போது Quality 95, Subsampling என்ற இடத்தில் 4:4:4. மற்ற அமைப்புகளில் நிறத் தகவல் பாதி நுணுக்கத்தில் சேமிக்கப்படுவதுண்டு. அப்படி ஆனால் கருநீலச் சட்டையின் நீலம் வெள்ளைக்குள் ஒரு பிக்சல் கசியும்.

கோப்பை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். பெரிதாக்கிப் பார்த்தார், காதுக்குப் பக்கம் ஒருமுறை நிறுத்தினார், ஒன்றும் சொல்லவில்லை. நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் எட்டுப் படங்களை அடுக்கியபோது, ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு ஒன்றைப் போட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "வெள்ளத் தாள்ல வெள்ளப் படம், எங்க வெட்டன்னு தெரியணும்லா" என்றார். வெட்டும்போது அந்தக் கோடு வெளியே போய்விட்டது.